ரேக் பீமின் தாங்குதிறனும் பேலட்டின் உண்மை எடையும்

கேள்வி: தெலுக் இந்தான் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் அனுப்பும் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறேன். ரேக்கில் ஒரு தட்டுக்கு 2500 கிலோ, இரு தூண்சட்டங்களுக்கு இடையிலுள்ள பகுதியான ஒரு ‘பே’க்கு 7000 கிலோ என்று பலகை இருக்கிறது. தரையில் இரண்டு பேலட், அதற்கு மேல் மூன்று தட்டுகளில் இரண்டிரண்டு பேலட் வைக்கிறோம். முன்பு பேலட்டுக்கு 20 மூட்டைகள் வந்தன. இப்போது 30 வருகின்றன. 25 ஆகக் குறைத்தால் சரியாக 2500 ஆகிவிடும், வைக்கலாம்தானே? ஜம்போ பை வைப்பதற்காக முதல் பீமை 1500 மில்லிமீட்டரிலிருந்து 1900க்கு உயர்த்தினோம். ஒரு பீம் லேசாகத் தொய்ந்த மாதிரித் தெரிகிறது.

பதில்: 30 மூட்டைப் பேலட்டுகள் இரண்டை ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 25 மூட்டையும் கூடாது. 20 மூட்டைப் பேலட்டுகளைப் பீம் தாங்கும்; ஆனால் முதல் பீம் 1900இல் இருக்கும் வரை, பக்கத்தூண்கள் அந்த எடையைத் தாங்கும் என்பதற்கு உங்களிடம் உத்தரவாதம் எதுவும் இல்லை. ஆகவே இன்றே செய்ய வேண்டியது, 30 மூட்டைப் பேலட்டுகள் இருக்கும் பேக்களின் முன்னால் ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு, மேல் தட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இறக்குவதாகும். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். கணக்கு கைவசம் இருந்தால் அடுத்த முறை பேலட்டின் அமைப்பு மாறும்போது நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அந்தப் பலகையில் உள்ள 2500 எதைக் குறிக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அது முன் பீம், பின் பீம் இரண்டும் சேர்ந்த ஒரு சோடிக்கான எடை. ஒரு பீமுக்கு 2500, எனவே தட்டுக்கு 5000 என்று படிப்பவர்களைப் பல கிடங்குகளில் பார்த்திருக்கிறேன். அது மிக ஆபத்தான வாசிப்பு. அடுத்து, அந்த எடை பீமின் நீளம் முழுவதும் சீராகப் பரவியிருக்கிறது என்ற அனுமானத்தில் தரப்பட்டது. உங்கள் தட்டில் இருப்பதுபோல் இரண்டு பேலட்டுகள் ஆளுக்குப் பாதி நீளத்தில் அமர்ந்திருந்தால் அதைச் சீரான பரவலாகவே நடைமுறையில் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாவதாக, தட்டின்மேல் உட்காரும் எல்லாமே அந்த 2500க்குள் அடங்க வேண்டும்: உரம், சாக்கு, சுற்றிய பிளாஸ்டிக், மரப் பேலட், எல்லாமே.

25 மூட்டைக் கணக்கு தவறுவது இந்த மூன்றாவது இடத்தில்தான். 25 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ, ஆக 1250; இரண்டு பேலட்டுக்கு 2500 என்பது உண்மைதான். ஆனால் மரப் பேலட் ஒன்று 25 கிலோ என்று வைத்தாலும் இரண்டுக்கு 50 கிலோ சேர்ந்து 2550 ஆகிவிடுகிறது. இரண்டு சதவீதம்தானே என்று தோன்றலாம். அந்த 25 கிலோவும் காய்ந்த பேலட்டுக்கானது; மழையில் நனைந்த மரம் இன்னும் கனக்கும். கணக்கு தொடங்கும்போதே எல்லையைத் தாண்டியிருக்கும் ஓர் ஏற்பாட்டில், பின்னால் வரும் சிறு பிசகுகளுக்கு இடமே இருக்காது. அந்தப் பிசகுகள் அவ்வளவு சிறியவை அல்ல என்பதைக் கீழே காட்டுகிறேன்.

இதே முறையில் 30 மூட்டைப் பேலட் 1500 கிலோவும் மரத்தின் 25 கிலோவும் சேர்ந்து 1525 ஆகிறது. தட்டுக்கு 3050 கிலோ, அதாவது அனுமதித்ததைவிட 22 சதவீதம் கூடுதல். பழைய 20 மூட்டைப் பேலட் 1025 கிலோ. தட்டுக்கு 2050, அதாவது அனுமதித்ததில் 82 சதவீதம். ஐந்து ஐந்து மூட்டையாக நான்கு வரிசை அடுக்கியபோது உங்கள் ரேக் அமைதியாக இருந்ததற்குக் காரணம் அந்த இடைவெளிதான். இப்போது அதே பேலட்டில் ஆறு வரிசை அடுக்கி வருகிறது. பார்வைக்கு இரண்டு வரிசை கூடியிருக்கிறது, தட்டுக்கோ ஒரு டன் கூடியிருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட்டும் உங்களை எச்சரிக்கப் போவதில்லை, ஏனென்றால் இரண்டரை டன் வண்டிக்கு 1525 கிலோ ஒரு பொருட்டே அல்ல. அது சிரமப்படாமல் தூக்கி மேலே வைத்துவிடும்.

மூட்டையின் மேல் அச்சிட்ட எடையை மட்டும் நம்பாமல் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அருகிலுள்ள செம்பனை ஆலையின் லோரி எடைமேடை இதற்குப் போதும். ஆனால் ஒரே ஒரு பேலட்டை ஏற்றி நிறுக்காதீர்கள். அத்தகைய மேடைகள் பத்து அல்லது இருபது கிலோ படிகளில்தான் காட்டும் என்பதால் ஒரு பேலட்டுக்கு அந்தப் பிழை பெரிது. வெற்று லோரியை நிறுத்து, பிறகு ஒரே மாதிரியான ஆறு அல்லது எட்டுப் பேலட்டுகளை ஏற்றி நிறுத்து, வித்தியாசத்தை எண்ணிக்கையால் வகுத்தால் பிழை சில கிலோவுக்குள் அடங்கிவிடும். சப்ளையர் மாறினாலோ பேலட்டின் வகை மாறினாலோ மறுபடியும் நிறுக்க வேண்டும். மழைக்காலத்தில் திறந்த லோரியில் வந்து நனைந்த சரக்கைத் தனியாக நிறுத்துப் பாருங்கள்.

இப்போது அந்தப் பிசகுகளில் மிகப் பெரியதைப் பார்ப்போம். 2500 கிலோ ஒரு சோடிக்கு என்றால், முன் பீமுக்கு 1250, பின் பீமுக்கு 1250 என்று பங்கிட்டுக்கொள்கின்றன. ஆனால் அந்தச் சமபங்கு பேலட் நடுவாக உட்கார்ந்தால் மட்டுமே கிடைக்கும். உங்கள் பேலட் 1200 மில்லிமீட்டர் ஆழமும் 1000 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது என்றும், இரண்டு பீம்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர் என்றும் எடுத்துக்கொள்கிறேன். இது மிகச் சாதாரணமான ஏற்பாடு. அப்படியானால் பேலட் முன்பக்கம் 100 மில்லிமீட்டரும் பின்பக்கம் 100 மில்லிமீட்டரும் பீமைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டுநர் அதை முன் பீமோடு ஒட்டினாற்போல், அதாவது 100 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வைத்துவிட்டால், எடையில் 60 சதவீதம் பின் பீமுக்குப் போய்விடும். முன் பீம் 40 சதவீதத்தைத்தான் சுமக்கும்.

இந்த 60 சதவீதத்தை மூன்று பேலட் வகைகளுக்கும் போட்டுப் பாருங்கள். 20 மூட்டை என்றால் 2050இல் 60 சதவீதம் 1230 கிலோ. பின் பீமின் பங்கான 1250க்குள் மயிரிழையில் அடங்கிவிடுகிறது. 25 மூட்டை என்றால் 2550இல் 60 சதவீதம் 1530. அந்தப் பீம் மட்டும் 22 சதவீதம் கூடுதலாகச் சுமக்கிறது. 30 மூட்டை என்றால் 1830 கிலோ. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பின் பீமை யாரும் நின்று பார்ப்பதில்லை. சுவரை ஒட்டிய வரிசை என்றால் பார்க்கவும் முடியாது. தொய்ந்து காணப்படுவதாக நீங்கள் சொல்லும் பீம் முன்னதா பின்னதா என்று குறிப்பிடவில்லை. பின்னது என்றால் எனக்கு வியப்பே இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஏணி தேவையில்லை. நடைபாதையில் நின்று ஒவ்வொரு பேலட்டும் முன் பீமுக்கு வெளியே எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு கை அகலம் நீட்டியிருந்தால் நல்லது. பீமின் முகத்தோடு சமமாக இருந்தால் அது பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. இரண்டு கை அகலத்துக்கு மேல் நீட்டியிருந்தால் அதன் பின் விளிம்பு பின் பீமின் ஓரத்தில்தான் தொற்றிக்கொண்டிருக்கும்; எடைக் கணக்கைவிட அது விழுந்துவிடும் அபாயமே அங்கே முந்தி நிற்கும்.

சரி, 30 மூட்டைப் பேலட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு தட்டுக்கு ஒன்று மட்டும் வைத்தால் என்ன என்று அடுத்து நீங்கள் கேட்கக் கூடும். 1525 என்பது 2500ஐவிடப் பெரிய அளவில் குறைவு என்பதால் தாராளமாக வைக்கலாம் என்றே தோன்றும். இங்கேதான் எடை மட்டுமல்ல, அது உட்காரும் இடமும் கணக்கில் வருகிறது. தனியாக வைக்கும் பேலட்டை ஓட்டுநர்கள் இயல்பாகவே நடுவில் வைப்பார்கள். பீமை மிக அதிகமாக வளைப்பதும் அந்த நடு இடம்தான். உங்கள் பீம் இரு தூண்களுக்கு இடையே 2.3 மீட்டர் என்று கொள்வோம், 1000 அகலப் பேலட்டுகள் இரண்டுக்கு அது வழக்கமான நீளம். W என்பது சீராகப் பரவிய மொத்த எடை, P என்பது ஒரு பேலட்டின் எடை, L பீமின் நீளம், b பேலட்டின் அகலம் என்றால், பீமின் நடுவில் வளைக்கும் அளவு இப்படி வரும்:

```
M = W × L / 8            (சீராகப் பரவிய எடை)
M = P × (2L − b) / 8     (நடுவில் ஒரே பேலட்)
```

அனுமதித்த அளவு 2500 × 2.3 / 8, அதாவது ஏறத்தாழ 719. நடுவில் ஒரு 30 மூட்டைப் பேலட் வைத்தால் 1525 × (4.6 − 1.0) / 8, அதாவது 686. எடையோ அனுமதித்ததில் 61 சதவீதம்தான். வளைக்கும் அளவோ 95 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. அந்தப் பேலட்டும் 100 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தால் பின் பீம் தன் எல்லையைத் தெளிவாகத் தாண்டிவிடும். எடையை ஒரு மீட்டர் அகலத்துக்குப் பரப்பாமல் ஒரே புள்ளியில் இறக்கும் பொருளாக இருந்தால், உதாரணமாக ஒரு பம்ப் அல்லது கியர்பாக்ஸ் என்றால், நடுவில் பலகை எடையில் பாதிக்குமேல் வைக்கவே கூடாது.

அதே பேலட்டை நடுவில் வைக்காமல், தூணிலிருந்து 100 மில்லிமீட்டர் விட்டு, அதற்குரிய பாதியில் வைத்தால் வளைக்கும் அளவு ஏறத்தாழ 529 ஆகக் குறைகிறது, 74 சதவீதம். ஆனால் எடை அந்தத் தூண்பக்கம் சாய்வதால் அங்குள்ள பீம்முனைகள் இரண்டும் சேர்ந்து 1127 கிலோ சுமக்கின்றன. அவற்றின் இயல்பான பங்கு 1250. ஆக ஒரே பேலட்டை அதன் பாதியில் வைத்தால் வளைவிலும் முனையிலும் எல்லைக்குள் நிற்கிறது, முன் பின் நீட்டல் சரியாக இருந்தால் மட்டும். தற்காலிகமாக இப்படி வைத்துச் சமாளிக்கலாம் என்பதே என் கருத்து. நிரந்தர ஏற்பாடாக இதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் பக்கத்தில் ஒரு பேலட்டுக்கு வெற்றிடம் இருப்பதைப் பார்க்கும் அடுத்த ஷிப்ட் ஓட்டுநர் அதை நிரப்பிவிடுவார்.

தொய்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் அளந்து பாருங்கள். மீன்பிடிக்கும் நைலான் நூல் ஒன்றைப் பீமின் அடிவிளிம்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துக் கட்டி, நடுவில் எஃகு அளவுகோலை வைத்துப் பீமுக்கும் நூலுக்கும் உள்ள வேறுபாட்டைப் படியுங்கள். தொய்ந்த பீம் நூலைக் கீழே தள்ளும் என்பதால், இரு முனைகளிலும் ஒரே உயரமுள்ள இரண்டு மரத்துண்டுகளைக் கொடுத்து நூலைச் சற்றுத் தாழ்த்திக் கட்டிக்கொண்டு, அந்த உயரத்திலிருந்து நடுவில் கிடைத்த அளவைக் கழித்தால் தொய்வு வந்துவிடும். உயரத்தில் இருக்கும் பீமுக்கு ஏணி வைக்க வேண்டியிருக்கும். அந்தப் பேயில் கூடுதல் எடை இருக்கும்வரை ஏணி வைத்து ஏற வேண்டாம்.

ஐரோப்பிய வடிவமைப்புத் தரமான ஈஎன் 15512 வழக்கப்படி எடையேற்றிய பீமின் தொய்வு நீளத்தில் 200இல் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 2300 மில்லிமீட்டர் பீமுக்கு அது 11.5 மில்லிமீட்டர். அதைத் தாண்டியிருந்தால் பீம் மிகையாகச் சுமக்கிறது, அல்லது நீங்கள் நினைக்கும் பீம் அது இல்லை என்று பொருள். ஆனால் தாண்டவில்லை என்பதால் பத்திரம் என்று பொருள் ஆகாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் பீம் 20 மூட்டைப் பேலட்டுகளுக்கு, அதாவது 2050 கிலோவுக்கு, 7 மில்லிமீட்டர் தொய்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொய்வு எடைக்கு நேர்விகிதமாகக் கூடும் என்பதால் 3050 கிலோவுக்கு அது 10.4 மில்லிமீட்டர்தான். எடை 22 சதவீதம் மீறியிருக்கிறது. தொய்வோ இன்னும் எல்லைக்குள் இருக்கிறது. பல பீம்களில் தாங்குதிறனை நிர்ணயிப்பது தொய்வு அல்ல, எஃகின் வலிமையோ தூணில் கொக்கியிடும் முனைத்தகட்டின் வலிமையோதான். ஆகவே தொய்வைப் பார்த்து எடையை அனுமதிப்பது தலைகீழான முறை.

தொய்வு உண்மையிலேயே நமக்குச் சேதி சொல்வது எடையை இறக்கிய பிறகுதான். நல்ல பீம் முழுவதும் நிமிர்ந்துவிடும். பயன்பாடு, பராமரிப்புக்கான ஈஎன் 15635 தரத்தின்படி, எடை இல்லாதபோதும் எஞ்சி நிற்கும் கீழ்நோக்கிய வளைவு, வழக்கமான எடையில் ஏற்படும் தொய்வில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பீமை மாற்ற வேண்டும். மேலே சொன்ன பீம் முழு 2500 கிலோவுக்கு 8.5 மில்லிமீட்டர் தொய்யும். அதில் 20 சதவீதம் 1.7 மில்லிமீட்டர். அதாவது வெறுமையான பீமில் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் தொய்வு நின்றாலே அதன் காலம் முடிந்தது. உங்கள் பீம் கண்ணுக்கே தெரியும் அளவுக்குத் தொய்ந்திருக்கிறது என்றால், இறக்கி அளந்த பிறகு அது தேற வாய்ப்பு குறைவு. அதைத் தட்டியோ சூடாக்கியோ நிமிர்த்தவோ, கீழே இரும்புப்பட்டை வெல்டு செய்து பலப்படுத்தவோ கூடாது. குளிர்நிலையில் வளைத்து உருவாக்கிய மெல்லிய எஃகு வெல்டிங்கில் எப்படி மாறும் என்பதை ரேக் செய்த நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் பொறுப்பேற்றுச் சொல்ல முடியாது. அதன் சோடிப் பீமையும் சேர்த்தே கழற்றி அளந்து பாருங்கள்.

கழற்றும்போது இரு முனைகளிலும் உள்ள முனைத்தகடுகளைக் கவனமாகப் பாருங்கள். பீமும் முனைத்தகடும் சேரும் வெல்டின் ஓரத்தில் பெயின்ட் நூல்போல் வெடித்து அதற்குள் துரு தெரிந்தால் அது விரிசலின் முதல் அடையாளம். உரக்கிடங்கில் இதைத் தேடுவது கொஞ்சம் கடினம், ஏனென்றால் பொட்டாஷ் தூள் ஈரத்தை உறிஞ்சி எல்லா மூலைகளிலும் துருவை உண்டாக்கிவிடும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால்தான் மேல்துரு எது, விரிசல் எது என்று பிரித்தறியலாம். தூணின் துளைகளில் கொக்கிகள் முழுவதும் இறங்கி உட்கார்ந்திருக்கின்றனவா, அந்தத் துளைகள் நீள்வட்டமாக இழுபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். முனைத்தகட்டைத் தூணோடு பூட்டும் பாதுகாப்பு முளை இருக்க வேண்டியது கட்டாயம். ஃபோர்க்லிஃப்ட்டின் முள் தெரியாமல் பீமைக் கீழிருந்து தூக்கிவிட்டால் கொக்கி கழன்றுவிடாமல் தடுப்பது அதுதான். ஆணியோ கம்பித்துண்டோ அதற்கு மாற்று ஆகாது.

இதுவரை பார்த்தது பீம் மட்டுமே. அடுத்த எண் 7000. அது ஒரு பேயில் பீம்களின்மேல் இருக்கும் மொத்த எடைக்கான எல்லை. தரையில் நேரடியாக நிற்கும் பேலட்டுகள் இதில் சேராது. மூன்று தட்டுகளுக்கும் 2500 வீதம் 7500 வருகிறதே, பலகையில் ஏன் 7000 என்று நினைத்திருப்பீர்கள். பீம்களின் எல்லை வேறு, அந்த எடையை எல்லாம் தரைக்குக் கொண்டுபோகும் தூண்களின் எல்லை வேறு என்பதால்தான். இடையில் நிற்கும் ஒவ்வொரு தூண்சட்டமும் இடப்பக்கப் பேயில் பாதி, வலப்பக்கப் பேயில் பாதி என ஒரு முழு பேயின் எடையைச் சுமக்கிறது.

இங்கே 24 மூட்டை என்ற நடுவழியைச் சோதித்துப் பாருங்கள். பேலட் 1225 கிலோ. தட்டுக்கு 2450, பீமின் எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் மூன்று தட்டுக்கு 7350. பேயின் எல்லையைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு தட்டும் தனித்தனியே சரி, மொத்தம் தவறு. 20 மூட்டை என்றால் 6150, எல்லைக்குள் இருக்கிறது. 30 மூட்டை என்றால் 9150.

முதல் பீமை உயர்த்தியதுதான் உங்கள் கேள்வியிலேயே என்னை மிகவும் கவலைப்பட வைத்த செய்தி. தூண் மேலிருந்து அழுத்தப்படும்போது எஃகு நசுங்கி உடைவதில்லை. பக்கவாட்டில் வளைந்து மடங்குகிறது. அதைப் பிடித்து நிறுத்துவன பீம்களும் சட்டத்தின் குறுக்குக் கம்பிகளும். நடைபாதையின் நீளவாக்கில் தூணைப் பிடித்து வைத்திருப்பவை பீம்கள் மட்டுமே. தரைக்கும் முதல் பீமுக்கும் இடையில் அப்படிப் பிடிப்பு எதுவும் கிடையாது. எடையும் அங்கேதான் அதிகம். ஆகவே அந்தத் துண்டின் நீளம்தான் பேயின் எல்லையை நிர்ணயிக்கிறது. உங்கள் பலகையின் 7000 முதல் பீம் 1500இல் இருக்கும் அமைப்புக்குத் தரப்பட்ட எண். 1900இல் அந்த எண் செல்லாது.

எவ்வளவு குறையும் என்பதை நிறுவனத்தின் அட்டவணையைப் பார்க்காமல் துல்லியமாகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் எந்த அளவிலான விஷயம் என்பதைக் கணிக்கலாம். மெலிந்த தூண்களில் தாங்குதிறன் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும். 1500ஐ 1900ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.62 வருகிறது. அந்தக் கடுமையான கணக்கின்படி 7000 என்பது ஏறத்தாழ 4350 கிலோவாகிவிடும். உண்மையான தூண் இந்த அளவுக்குக் குறையாமலும் இருக்கலாம். ஆனால் உங்கள் பழைய 6150 கிலோகூட அந்த இடைவெளிக்குள் விழுகிறது என்பதால் அதை நம்பி வைக்க வழியில்லை. 9150 பற்றிச் சொல்லவே வேண்டாம். இறக்கும்வரை அந்த வரிசையில் ஃபோர்க்லிஃப்ட் தூணில் லேசாக உரசினாலும் அது சிறிய விஷயமாக இருக்காது. தாங்குதிறனில் ஒதுக்கிவைத்த பாதுகாப்பு வரம்பு இத்தகைய உரசலுக்கும் எஃகின் தடிமன் வேறுபாட்டுக்கும் வைத்தது. அதைச் சரக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

இறக்கும் முறை இதுதான். மேல் தட்டிலிருந்து தொடங்குங்கள், ஒரே பேயை முழுவதும் காலி செய்வதற்கு முன் எல்லா பேக்களிலும் மூன்றாவது தட்டை இலகுவாக்குங்கள். ஒரு சட்டத்தின் இருபுறமும் எடை ஏறக்குறையச் சமமாகக் குறைந்துவரும். பேலட்டைத் தூக்கும்போது பீமில் முள் உரசாமல், முழுவதும் மேலெழுந்த பிறகே பின்னால் இழுக்க வேண்டும். எல்லாம் காலியான பிறகு, ரேக் நிறுவும் தொழிலாளர்களை வைத்து முதல் பீமை 1500க்கு இறக்குங்கள். ஜம்போ பைகளுக்கு ரேக்கின் தரைத்தளம் தேவையில்லை. சுவர் ஓரமாகத் தனி இடம் குறித்து ஒதுக்கிவிடுங்கள். அதே நேரத்தில் தூண்களையும் பார்க்கச் சொல்லுங்கள்: ஒரு மீட்டர் நேர்க்கோலைத் தூணின் முகத்தில் வைத்தால், பீம்கள் போகும் திசையில் 5 மில்லிமீட்டருக்கு மேல், சட்டத்தின் ஆழத் திசையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் அந்த பேக்களில் சரக்கு வைக்க முடியாது.

சப்ளையரிடம் 20 மூட்டையாகவே அனுப்பச் சொல்லுங்கள். அவர் 30தான் அனுப்புவேன் என்றால் லோரியிலிருந்து இறக்கும் இடத்திலேயே மேல் இரண்டு வரிசையைப் பிரித்து வேறு பேலட்டில் அடுக்க வேண்டும். கூலி கூடும் என்று நிர்வாகம் முணுமுணுக்கலாம். அப்போது மேலே உள்ள நான்கு எண்களை மட்டும் காட்டுங்கள்: தட்டுக்கு அனுமதி 2500, வைத்தது 3050, பேக்கு அனுமதி 7000, வைத்தது 9150. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி வேலையிடத்துச் சாதனங்களைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமை முதலாளியுடையது; அந்த எண்களை எழுத்தில் பெற்ற பிறகு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

நிர்வாகம் 30 மூட்டைப் பேலட்டைத்தான் நிரந்தரமாக வைக்க விரும்புகிறது என்றால், கனமான பீம்களை வாங்கிப் பொருத்தினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். போதாது. பீம் 3050ஐத் தாங்கினாலும் தூண்களுக்கு 9150 வருவது மாறவில்லை. ரேக் செய்த நிறுவனத்துக்கு நீங்கள் எழுத வேண்டியவை: நிறுத்துப் பார்த்த பேலட் எடை, பேலட்டின் அகலமும் ஆழமும், தட்டுக்கு எத்தனை, தரையிலிருந்து ஒவ்வொரு பீமின் மேற்பரப்பு உயரம், தூணின் முகஅகலமும் தகட்டின் தடிமனும், அடித்தகட்டில் எத்தனை ஆங்கர் போல்ட், தரைக் கான்கிரீட்டின் கனம். இவற்றை வைத்து அவர்கள் தரும் புதிய எண்கள் புதிய பலகையாக அந்த வரிசையின் முனையில் மாட்டப்பட்ட பிறகே 30 மூட்டைப் பேலட் ஒன்றையேனும் ஏற்றலாம். கையில் பழைய பீம்கள் மிச்சம் இருந்து அவற்றை மாற்றாகப் போட நினைத்தால், 100 மில்லிமீட்டர் உயரப் பீமும் 120 மில்லிமீட்டர் உயரப் பீமும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் ஒரே தூணில் கொக்கியிடும் என்பதை மறக்க வேண்டாம். வெர்னியர் காலிப்பர் கொண்டு உயரம், அகலம், தடிமன் மூன்றையும் அளந்து, சோடி இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பொருத்துங்கள்.